திட்ட பட்ஜெட்டில் நம் பங்கையும் காட்டுவோம்



நிதியுதவி கேட்டு அறக்கட்டளைகள் அனுப்பும் விண்ணப்பங்கள் பலவற்றில், கேட்கும் தொகை மட்டுமே இருக்கும். ஜமாஅத்தார் தரும் பணமும், வாடகையின்றிக் கிடைக்கும் கூடமும், ஊதியம் வாங்காதவர்களின் உழைப்பும் கணக்கில் வராது. படிக்கும் நிறுவனத்துக்கு, "இந்தத் தொகையில் இந்த வேலை எப்படி முடியும்? மீதியை யார் தருவார்?" என்ற ஐயம் எழும். பாதியில் நின்றுபோகும் திட்டத்துக்குப் பணம் தர யாரும் விரும்புவதில்லை.

உள்ளூர் பங்கைக் காட்டுவது நமக்குப் புதிதல்ல. 2021-22இல் தமிழக அரசு மீண்டும் கொண்டுவந்த நமக்கு நாமே திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் தர வேண்டும். தனியார் நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் இதே போல எதிர்பார்ப்பது உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறுகிற பெற்றோர், இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் 40 பேருக்கு 10 மாதம் மாலை நேரப் படிப்பகம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே.

| செலவு | மொத்தம் (ரூ.) | கேட்பது | நம் ரொக்கம் | பொருள், உழைப்பு |
|---|---|---|---|---|
| ஆசிரியர் இருவர் ஊதியம் | 1,60,000 | 1,60,000 | – | – |
| சிற்றுண்டி | 80,000 | 40,000 | 40,000 | – |
| பெஞ்சு, கரும்பலகை | 60,000 | 40,000 | 20,000 | – |
| நோட்டு, புத்தகம் | 40,000 | – | 40,000 | – |
| கூடத்தின் வாடகை மதிப்பு | 40,000 | – | – | 40,000 |
| தன்னார்வ ஆசிரியர், 40 நாள் | 20,000 | – | – | 20,000 |
| மொத்தம் | 4,00,000 | 2,40,000 | 1,00,000 | 60,000 |

கேட்பது 2,40,000 ரூபாய்தான். ஆனால் திட்டம் 4 லட்சத்துடையது என்பதும், அதில் 40 சதவீதம் நம் ஊரிலிருந்து வருகிறது என்பதும் ஒரே பார்வையில் தெரிகிறது. ஒவ்வொரு வரியிலும் மற்ற மூன்று பத்திகளின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

ரொக்கத்தையும் பொருள், உழைப்பையும் தனித்தனியே காட்டுவதற்குக் காரணம் உண்டு. சில நிறுவனங்கள் ரொக்கத்தை மட்டுமே பங்காக ஏற்கும். இரண்டையும் ஒன்றாக எழுதினால், விண்ணப்பம் தகுதி பெறுகிறதா என்று அவர்களால் பார்க்க முடியாது.

"25 சதவீதப் பங்கு" என்று நிபந்தனை இருந்தால், எதில் 25 சதவீதம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மொத்தச் செலவில் என்றால் 1,00,000 ரூபாய். அவர்கள் தரும் தொகையில் என்றால் 60,000 ரூபாய். "ஒன்றுக்கு ஒன்று" என்றால், அவர்கள் தரும் அளவுக்கு நாமும் தர வேண்டும். 1,60,000 ரூபாய் மட்டுமே காட்டும் இந்த பட்ஜெட் அதற்குப் போதாது.

பொருளுக்கும் உழைப்புக்கும் ஊர் நிலவரப்படி மதிப்புப் போட வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் திறக்கும் கூடத்துக்குக் கல்யாண வாடகை எழுதக் கூடாது. தன்னார்வலருக்கு அவர் செய்யும் வேலையின் கூலியே மதிப்பு. டாக்டர் ஒருவர் சிற்றுண்டி பரிமாற வந்தால், பரிமாறுபவரின் கூலியைத்தான் எழுதலாம்.

ஜகாத் நிதியில் தனிக் கவனம் தேவை. அது குர்ஆன் (9:60) சொல்லும் எட்டு வகையினருக்கு உரியது. ஹனஃபி மத்ஹபில் அது தகுதியுள்ளவருக்கு உடைமையாகச் சேர வேண்டும். ஆகவே ஆசிரியர் ஊதியத்துக்கோ பெஞ்சுக்கோ ஜகாத்தை நம் பங்காகக் காட்டக் கூடாது. தகுதியுள்ள பிள்ளைக்குச் சொந்தமாகவே கொடுத்துவிடும் நோட்டு, புத்தகத்துக்குக் காட்டலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மற்ற வரிகளுக்குப் பொது ஸதகாவே பொருத்தம்.

ஒரே பணத்தை இரண்டு நிறுவனங்களுக்குப் பங்காகக் காட்டுவது இன்னொரு தவறு. சிற்றுண்டிக்கென வந்த 40,000 ரூபாயை இந்த விண்ணப்பத்தில் எழுதிவிட்டால், மருத்துவ முகாம் விண்ணப்பத்தில் அதை மீண்டும் எழுதக் கூடாது. இரண்டும் அனுமதியானால் ஒன்றில் பள்ளம் விழும். அது அமானிதத்துக்கும் மாறானது.

எழுதிய ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கட்டும். ரொக்கத்துக்கு நன்கொடையாளரின் ஒப்புதல் கடிதம், பிறகு ரசீது, வங்கிப் பதிவு; கூடத்துக்கு நிர்வாகக் குழுத் தீர்மானம்; தன்னார்வலருக்குத் தேதி, நேரம், கையெழுத்துள்ள வருகைப் பதிவேடு. கையில் வந்தது, எழுத்தில் உறுதியானது, இனி கேட்க வேண்டியது என்று பட்ஜெட்டின் கீழே பிரித்துக் குறிப்பிடலாம். "எதிர்பார்க்கிறோம்" என்பதை "உறுதி" என்று எழுதிவிட்டால், ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கும்போது சிக்கல் வரும். நம் பங்கு குறைந்த அளவுக்கு அவர்களும் தங்கள் தொகையைக் குறைக்கலாம், அல்லது திருப்பிக் கேட்கலாம்.

அடுத்த விண்ணப்பம் தயாரிக்கும் சகோதர, சகோதரிகள், தொகைகளை நிரப்புமுன் இந்தக் காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினால் வேலை பாதி முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.