வருகையைக் கணக்கிடும்போது எதால் வகுக்கிறோம்?

2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 26 வீதம். 2015 ஜனவரியில் அதே மாவட்டத்தில் 66 வீதம். ஐந்தே ஆண்டில் மக்களின் ஆர்வம் இரண்டரை மடங்காகிவிட்டதா? கிளிநொச்சியும் இந்தத் தேர்தல் மாவட்டத்துக்குள்தான் வருகிறது, ஆகவே வன்னிக்காரர்களுக்கும் இது சொந்தக் கேள்வி.

விடை பின்னத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. 2010இல் வாக்காளர் இடாப்பில் இருந்த பெயர்கள் 721,359. போரில் இடம்பெயர்ந்தவர்கள், வெளிநாடு போனவர்கள், இறந்தவர்கள் எனப் பலரின் பெயர்கள் அதில் அப்படியே கிடந்தன. இடாப்பு திருத்தப்பட்டதும் 2015இல் எண்ணிக்கை 529,239 ஆகக் குறைந்தது. வாக்களித்தவர்களோ 185,132 இலிருந்து 350,789 ஆகக் கூடினர்.

இந்த இரண்டு மாற்றங்களையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதுதான் அழகு. புதிய வாக்குகளைப் பழைய இடாப்பால் வகுத்துப் பாருங்கள்: 49 வீதம் வரும். அப்படியானால் 26 இலிருந்து 49 வரையான ஏற்றம் உண்மையிலேயே கூடுதலாக வந்த மனிதர்களுடையது. 49 இலிருந்து 66 வரை ஏறியது பட்டியலைத் துப்புரவாக்கியதால் மட்டும். வாக்குச்சாவடிக்கு ஒருவர்கூடக் கூடுதலாக வராமலே 17 புள்ளி!

பட்டியலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இலங்கையில் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை நாடாளுமன்ற ஆசனங்கள் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு பதிந்தோர் தொகைக்கு உண்டு, வாக்களித்தோர் தொகைக்கு அல்ல. 2010இல் 9 ஆசனங்கள் வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்கு 2015இல் 7தான் கிடைத்தன. வீதம் உயர்ந்த அதே காலத்தில் ஆசனம் குறைந்தது.

இதே கணக்கை ஊர் அளவில் போடலாம். மல்லாவியில் ஓர் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. முன்கூட்டிப் பதிந்த பெயர்கள் 200, அன்று வந்தவர்கள் 120. "60 வீத வருகை" என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் வாசலில் பெயர்களைச் சரிபார்த்தவரின் கொப்பியைத் திறந்தால், அந்த 120 பேரில் 30 பேர் பதியாமலே வந்தவர்கள். பதிந்து வந்தவர்கள் 90தான். பதிந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்ற இந்த அளவைப் பதிவுவழி வருகை என்று அழைப்போம். அது 45 வீதம். பட்டியலில் இரண்டு தடவை எழுதப்பட்ட பெயர்களும் ஊரை விட்டுப் போனவர்களின் பெயர்களுமாக 25 இருந்தால், அவற்றை நீக்கிய பின் 175க்கு 90, அதாவது 51 வீதம். ஒரே காலைப்பொழுதுக்கு மூன்று வீதங்கள், மூன்றும் சரி. வைத்தியரையும் கதிரைகளையும் ஒழுங்குசெய்ய 120 என்ற தலைக்கணக்கு வேண்டும். பதிவு வேலை செய்ததா என்று அறிய 51 வேண்டும்.

அந்த 51ஐயும் ஊர் வாரியாக உடைத்தால்தான் விசயம் தெரியும். மல்லாவியிலும் யோகபுரத்திலும் பதிந்த 75 பேரில் 54 பேர் வந்தார்கள்: 72 வீதம். ஐயன்கன்குளப் பக்கம் பதிந்த 100 பேரில் 36 பேர்தான். அரைவாசிப் பேர் வந்தார்கள் என்ற சராசரி இந்த இரண்டு இடங்களில் எதற்குமே பொருந்தவில்லை.

இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வருமா? ஒருவருக்கு வயலில் வேலை, இன்னொருவருக்குக் காய்ச்சல் என்று பொதுவான காரணம் எதுவுமின்றியே எண்கள் ஆடும். 100 பேர் கொண்ட குழுவில் இந்த ஆட்டம் ஏறத்தாழ 10 புள்ளி மேலும் கீழும் போகும். ஆகவே அடுத்த முகாமில் 36 என்பது 41 ஆனால் மகிழ்ந்து பாராட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 72க்கும் 36க்கும் இடையிலான பள்ளம் ஆட்டத்துக்குள் அடங்காது, அதற்கு ஒரு பொதுக் காரணம் இருந்தே தீரும்.

அதைக் கண்டுபிடிக்கும் வழி, வராத 64 பேரில் கொஞ்சப் பேரிடம் கேட்பதுதான். வந்தவர்களிடம் கருத்துப் படிவம் நிரப்புவது எளிது என்பதால் பெரும்பாலும் அதையே செய்கிறோம். வராதவர்களின் காரணமோ அந்தப் படிவத்தில் ஒருநாளும் ஏறாது. பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்று பலர் சொன்னால் முகாமை ஐயன்கன்குளத்துக்கே கொண்டுபோகலாம். மறந்துவிட்டோம் என்றால் முதல்நாள் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

அழைப்பு உண்மையில் உதவுகிறதா என்பதையும் சோதிக்கலாம். அடுத்த தடவை பதியும் 100 பெயர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். 50 பேருக்கு அழைப்பு, மற்ற 50 பேருக்கு இல்லை. சீட்டு முக்கியம்: தெரிந்தவர்களை மட்டும் அழைத்தால், எப்படியும் வரக்கூடியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். இவ்வளவு சிறிய குழுக்களில் வித்தியாசம் 20 புள்ளியையாவது எட்டினால்தான் அழைப்பின் பலன் என்று நம்பலாம். அதற்குக் குறைவாக வந்தால் அந்த எண்களை வைத்திருந்து, அதற்கடுத்த முகாமின் எண்களோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.