ஊற்றாத பாலுக்கு வந்த கணக்கு

"ஏன் தம்பி, நான் ஊத்துனது 6.4 லிட்டர். செல்லுல 12.8னு வந்திருக்கே? காசைப் போட்டுட்டு அப்புறமா அடுத்த பட்டுவாடாவுல பிடிச்சுக்குவீங்களா?"

இரண்டு மாடு வைத்திருக்கும் ஓர் அம்மா சங்கத்து வாசலில் நின்று என்னிடம் கேட்டது இது. அவர் பயந்தது நியாயம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் பால் பணத்தில் திடீரென்று பிடித்தம் விழுந்தால் தவிட்டுக் கடைக்குப் பாக்கி சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தவறு நடந்த நிரலை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

சங்கத்தில் ஒவ்வொருவர் பால் ஊற்றும்போதும் உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு அளவு, விலை ஆகியவை அங்குள்ள கம்ப்யூட்டரில் ஒரு வரியாகப் பதிவாகும. இரவு இரண்டு மணிக்கு, யாரும் தொடாமலே ஒரு நிரல் விழித்துக்கொண்டு, முந்தைய நாளின் வரிகளைத் தலைமையகத்து சர்வருக்கு அனுப்பும். இப்படிக் குறித்த நேரத்தில் ஓடி ஓரிடத்துத் தகவலை இன்னோரிடத்தோடு ஒத்துப்போகச் செய்வதை எங்கள் தொழிலில் 'சிங்க்' என்போம்.

அன்று மாலை அந்தச் சங்கத்தில் 180 வரிகள். நிரல் ஒவ்வொன்றாக அனுப்பி, "எழுதிக்கொண்டேன்" என்ற பதில் வந்த பிறகே அடுத்ததற்குப் போகும். 120 வரிகளுக்குப் பதில் வந்தது. 121-ஆவது வரியை அனுப்பியதும் இணைப்பு அறுந்தது. நிரல் நின்றுவிட்டது. விடிகாலையில் பணியிலிருந்தவர் பிழைச் செய்தியைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். இம்முறை 180-ம் போய்ச் சேர்ந்தன. சர்வரில் இருந்ததோ 301 வரிகள். 121 ஊற்றல்கள் இரண்டு முறை ஏறியிருந்தன.

121 என்ற எண்ணைக் கவனியுங்கள். பதில் வந்தது 120-க்குத்தான். கடைசி வரியை சர்வர் எழுதிக்கொண்டது; அந்தச் செய்தி திரும்பி வரும் வழியில் இணைப்பு போய்விட்டது. அனுப்பியவன் பக்கத்திலிருந்து பார்த்தால், வரி போய்ச் சேரவே இல்லை என்பதும், போய் எழுதப்பட்டுப் பதில் மட்டும் தொலைந்தது என்பதும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டும் வெறும் மௌனம். எந்தச் சாமர்த்தியமான நிரலாலும் அந்த மௌனத்தைப் பிரித்தறிய முடியாது. அனுப்பாமல் விட்டால் ஒருவரின் பால் கணக்கில் ஏறாமல் போகலாம். அனுப்பினால் இரண்டு முறை ஏறலாம். ஆகவே மறுபடி அனுப்பத்தான் வேண்டும், ஆனால் மறுபடி அனுப்பினால் எதுவும் மாறாதபடி வாங்கும் பக்கம் இருக்க வேண்டும்.

இந்தக் குணத்துக்கு 'ஐடெம்பொட்டன்ட்' என்று பெயர். அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் 1870-இல் உண்டாக்கிய சொல். தன்னைத் தானே பெருக்கினாலும் மாறாதவற்றைக் குறிக்க அவருக்கு அது தேவைப்பட்டது. 1-ஐ 1-ஆல் எத்தனை முறை பெருக்கினாலும் 1 தானே. லிஃப்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தினாலும் ஐந்து முறை அழுத்தினாலும் லிஃப்ட் ஒன்றுதான் வரும். அந்த மாதிரி.

முதலில் எங்களுக்குத் தோன்றியது, எழுதும் முன் "இந்த வரி ஏற்கெனவே இருக்கிறதா?" என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் எழுதுவது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு நொடியின் சிறு பங்கு இடைவெளி உண்டு. பழைய ஓட்டம் செத்துவிட்டது என்று நினைத்து இன்னொன்றைத் தொடங்கியிருப்போம், உண்மையில் அது மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பார்க்கும், இரண்டுக்கும் "இல்லை" என்றே தெரியும், இரண்டும் எழுதும். அதனால் அந்தப் பொறுப்பை நிரலிடம் விடாமல் டேட்டாபேஸிடமே ஒப்படைக்க வேண்டும். ஒரு புலத்துக்கு `UNIQUE` என்று கட்டுப்பாடு போட்டால், அதே மதிப்போடு இரண்டாவது வரி வரும்போது, எவ்வளவு நெருக்கமாக வந்தாலும், டேட்டாபேஸ் ஏற்காது. ஒரு சிறு எச்சரிக்கை: போஸ்ட்கிரெஸில் அந்தப் புலம் காலியாக இருந்தால், வழக்கமாக ஒரு காலியும் இன்னொரு காலியும் வேறு வேறு என்றே கொள்ளப்படும்; நகல்கள் அந்த ஓட்டை வழியாக நுழைந்துவிடும். `NOT NULL` என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.

சரி, எந்தப் புலத்துக்கு? இந்தக் கேள்வியில்தான் நாங்கள் இரண்டாவது தவறைச் செய்தோம், முதல் தவறைவிட மோசமான தவறு.

சங்கத்தின் எண், உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா. இந்த நான்கும் சேர்ந்தால் ஓர் ஊற்றலை அடையாளம் காட்டிவிடும் என்று முடிவு செய்தோம். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் சரியாகத்தான் படும். ஆனால் ஏழெட்டு மாடு வைத்திருப்பவர் ஒரே நடையில் எல்லாப் பாலையும் கொண்டுவருவதில்லை. ஒரு கேனை ஊற்றிவிட்டுப் போவார், அரை மணி கழித்து மகன் இன்னொரு கேனோடு வருவான். அதே உறுப்பினர் எண், அதே தேதி, அதே மாலை. எங்கள் சர்வர் இரண்டாவது கேனை "ஏற்கெனவே வந்ததுதான்" என்று ஒதுக்கித் தள்ளியது. நகல் வந்தால் கணக்கு ஊதிப்போய் யாராவது கேட்பார்கள். உண்மையான வரி தொலைந்தால் சத்தமே இருக்காது.

கல்யாண வீட்டில் மொய் எழுதுபவருக்கு இது தெரியும். 'செல்வம், கீழத்தெரு, 500' என்று இரண்டு வரி வந்தால், தவறி இருமுறை எழுதியதா, கீழத்தெருவில் இரண்டு செல்வமா? எழுதிய வரியை உற்றுப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. எழுதும் நேரத்திலேயே அப்பா பெயரைக் கேட்டிருக்க வேண்டும்.

நாங்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்தோம். அடையாளத்தைப் பின்னால் ஊகிக்காமல், பால் ஊற்றி எடை நின்ற அந்த நொடியிலேயே சங்கத்துக் கம்ப்யூட்டர் ஒரு வரிசை எண் கொடுக்கும். அந்த எண் வரியோடு பிறந்து வரியோடே பயணிக்கும். எத்தனை முறை அனுப்பினாலும் மாறாது. அனுப்பும் நேரத்தில் ஏதோ ஒரு புது எண்ணை உருவாக்கி ஒட்டினால் பயனில்லை, மறு ஓட்டத்தில் அதே பால் வேறு எண்ணோடு வந்து நிற்கும். இதிலும் ஒரு சறுக்கல் வந்தது. ஒரு சங்கத்தில் கம்ப்யூட்டர் பழுதாகிப் புதியது வைத்தார்கள். வரிசை எண் மறுபடி 1-இல் தொடங்கியது. சர்வருக்கு அவை பழைய வரிகளாகவே தெரிந்தன. அதன் பிறகு இயந்திரத்தின் எண்ணையும் அடையாளத்தில் சேர்த்தோம்.

இப்போது சர்வரில் எழுதும் கட்டளை, சுருக்கமாக, இப்படி இருக்கிறது:

```sql
INSERT INTO milk_entry (source_id, member_no, litres, revision)
VALUES ('S014-M2-000871', 47, 6.4, 1)
ON CONFLICT (source_id) DO UPDATE
SET litres = EXCLUDED.litres, revision = EXCLUDED.revision
WHERE milk_entry.revision < EXCLUDED.revision;
```

`ON CONFLICT` என்பது போஸ்ட்கிரெஸின் 9.5 பதிப்பில், 2016-இல் வந்த வசதி. இந்த அடையாளம் புதிதென்றால் எழுது. இருந்தால் திருத்து என்கிறது. கடைசி வரிதான் முக்கியம். 6.4 என்று எழுதியது தவறென்று செயலர் காலையில் 6.1 எனத் திருத்துகிறார், திருத்த எண் 2 ஆகிறது. எங்கோ சிக்கியிருந்த பழைய 6.4 அதற்குப் பிறகு தாமதமாக வந்தாலும், அதன் திருத்த எண் 1 என்பதால் சர்வர் அதைத் தொடாது. அந்த ஒரு வரி இல்லையென்றால் மறு ஓட்டம் நகலை உண்டாக்காது, ஆனால் திருத்தத்தை அழித்துவிடும்.

இதைச் செய்த பிறகு வேண்டுமென்றே இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தோம். 180 வரிகள், அப்படியே இருந்தன. நிம்மதியோடு எழுந்திருக்கும் நேரத்தில் ஒருவர் பட்டுவாடாத் தொகையைப் பார்த்தார். அது இரட்டிப்பாகியிருந்தது. ஒவ்வொரு வரி வரும்போதும் உறுப்பினரின் மொத்தத்தோடு லிட்டரைக் கூட்டும் ஒரு பழைய துண்டு நிரல் தனியே ஓடிக்கொண்டிருந்தது. 'கூட்டு' என்பது இரண்டு முறை செய்தால் இரண்டு முறை நடக்கும் வேலை. அதை எடுத்துவிட்டு, வரிகளிலிருந்து மொத்தத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டு வைக்கும்படி மாற்றினோம். பத்து முறை கணக்கிட்டாலும் அதே தொகைதான் வரும். வரிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தேர்ச்சி சொல்லியிருந்தால் இது தப்பிப் போயிருக்கும். எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

தேதியும் இப்படி ஏமாற்றும். நிரலுக்குள் 'நேற்று' என்று எழுதியிருந்தோம். திங்கள்கிழமை வேலையைச் செவ்வாயன்று மறுபடி ஓடவிட்டால் அந்த 'நேற்று' வேறு நாள். எந்த நாளுக்கான ஓட்டம் என்பதை இப்போது வெளியிலிருந்து கொடுக்கிறோம்: `--date 2023-06-12`.

மிச்சம் இருந்தது உறுப்பினருக்குப் போகும் குறுஞ்செய்தி. டேட்டாபேஸில் எழுதியதைத் திருத்தலாம், ஒருவரின் செல்லுக்குப் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே வரி எழுதப்படும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள், அதாவது இரண்டும் சேர்ந்து நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது என்ற கட்டுக்குள், 'அனுப்ப வேண்டியவை' பட்டியலிலும் ஒரு வரி சேர்க்கிறோம், அதே அடையாளத்தோடு. தனி நிரல் ஒன்று அதை எடுத்து அனுப்பிவிட்டு 'அனுப்பியாயிற்று' என்று குறிக்கும். அனுப்பியதற்கும் குறித்ததற்கும் இடையில் மின்சாரம் போனால் ஒரே செய்தி இரண்டு முறை போகத்தான் செய்யும். முதலில் குறித்துவிட்டுப் பிறகு அனுப்பினால் செய்தி போகாமலே போகலாம். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஒரே அளவோடு இரண்டு செய்தி வருவது பரவாயில்லை என்று முடிவு செய்தோம்.

வங்கிக்குப் பணம் அனுப்பும் இடத்தில் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் உறுப்பினர் வாரியாக ஒரு மாறாத குறிப்பு எண் வைத்து, அதே எண் மறுபடி வந்தால் பணம் போடாமல் பழைய பதிலையே தரும் ஏற்பாடு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறதா, அந்த எண்ணை எத்தனை நாள் நினைவில் வைத்திருப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டோம். அந்த நாட்கள் கடந்துவிட்ட பட்டுவாடாவை நிரல் தானாக மறுபடி அனுப்பாது. ஒருவர் உட்கார்ந்து வங்கிக் கணக்கறிக்கையைப் பார்த்த பிறகுதான் அது நகரும்.