துவர்ப்பும் காரமும் ஒரு கிளாஸில்

மாக்டெயில் கேட்டால் பெரும்பாலும் பழச்சாறும் சர்க்கரைப் பாகும்தான் வரும். இரண்டே மடக்கில் தீர்ந்துவிடும். மதுவின் எரிச்சல் நம்மை மெதுவாகப் பருகவைக்கும். அந்த வேலையைத் தேயிலையும் மிளகும் செய்யும்.

இரண்டு தேக்கரண்டி தேயிலை, தட்டிய மிளகு ஆறு, ஒரு துண்டு இஞ்சி. 200 மில்லி கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, குளிரவையுங்கள். கலங்கினால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருளும் கஃபீனும் சேர்ந்து திரள்வதுதான் அது.

இதில் 60 மில்லி எடுத்து, எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் தலா 15 மில்லி விட்டு, ஐஸ் போட்டு, 90 மில்லி டானிக் வாட்டர் ஊற்றுங்கள். அதிலுள்ள குயினைன்தான் கசப்பைத் தருகிறது.

கசப்புக்காகச் சிலர் சொட்டுவிடும் பிட்டர்ஸில் பெரும்பாலும் ஆல்கஹால் உண்டு. மதுவை அறவே தவிர்ப்பவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.