முகத்துக்கு ஆரஞ்சு, நிழலுக்கு நீலப்பச்சை

1999 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் பச்சைப்பசேலென்று செழித்துக் கிடந்தது. படம் எடுக்க வந்தவர்களுக்கு அதுவே தலைவலி. கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் நடக்கும் கதை. அவர்களுக்குப் புழுதியும் காய்ந்த வைக்கோலும் பழுப்பேறிய பழைய போட்டோவின் சாயலும் வேண்டும். கேமரா முன்னால் இருந்ததோ மழை குடித்த மரங்கள்.

ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் முதலில் லேபில் ரசாயன வழிகளைச் சோதித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. பிலிம் லேபில் ஒரு காட்சியின் நிறத்தை மாற்றுவதென்றால், பிரிண்ட் எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீல விளக்குகளின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அந்த மாற்றம் முழுச் சட்டகத்தின் மேலும் விழும். மரத்தின் பச்சையைக் குறைத்தால் அதன் கூடவே ஜார்ஜ் குளூனியின் முகமும் மாறும். இலையை மட்டும் தொட அந்த முறையில் வழி கிடையாது.

அதனால் எடுத்த நெகட்டிவ் முழுவதையும் ஸ்கேன் செய்து டிஜிட்டலாக்கினார்கள். பச்சையை மட்டும் பிரித்தெடுத்துக் காய்ந்த மஞ்சளாகத் திருப்பினார்கள். வாரக்கணக்கில் நடந்த வேலை அது. முடிந்ததும் திரும்பவும் பிலிமில் பதித்துத் திரையரங்குக்கு அனுப்பினார்கள். 2000இல் வெளியான அந்தப் படம், தொடக்கம் முதல் இறுதிவரை டிஜிட்டலில் நிறம் திருத்தப்பட்ட முதல் ஹாலிவுட் படம் என்று பேர் வாங்கியது. இன்று தமிழ்ப் படங்களின் டைட்டிலில் ‘டி.ஐ.’ என்றும் ‘கலரிஸ்ட்’ என்றும் வருகிற வேலையின் பிறப்பு ஏறக்குறைய இதுதான்.

சட்டகத்துக்குள் ஒரு நிறத்தை மட்டும் பிடித்துத் திருப்பலாம் என்று தெரிந்ததும், கலரிஸ்டுகள் எல்லாரும் கைவைத்த முதல் இடம் முகம். ஏழெட்டு ஆண்டுகளில் ஹாலிவுட் ஒரே ஜோடி நிறத்தில் போய் நின்றது: மனிதர்கள் ஆரஞ்சு, அவர்களைச் சுற்றியிருப்பதெல்லாம் ‘டீல்’. மயில்கழுத்துப் புடவையில் கொஞ்சம் கருமை கலந்தால் வருமே, அந்த நீலப்பச்சை. மைக்கேல் பேயின் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ (2007) இதற்குப் பாடப்புத்தக உதாரணம். இப்போது கல்யாண வீடியோவிலிருந்து யூடியூப் சமையல் சேனல் வரை அந்த ஜோடி வந்துவிட்டது.

ஏன் இந்த இரண்டு நிறங்கள்? கலரிஸ்டின் மேஜையில் வெக்டர்ஸ்கோப் என்று ஒரு வட்ட அளவி ஓடிக்கொண்டிருக்கும். படத்தில் உள்ள நிறங்கள் எந்தத் திசையில், எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று அது புள்ளிக்கூட்டமாகக் காட்டும். அதில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே, கடிகாரத்தின் பதினோரு மணித் திசையில், ஒரு கோடு போட்டிருப்பார்கள். மனிதத் தோலின் நிறம் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். நார்வேக்காரராக இருந்தாலும் ராமநாதபுரத்துக்காரராக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தோலிலுள்ள மெலனினும் அடியில் ஓடும் ரத்தமும் நீல ஒளியை அதிகமாக விழுங்கிச் சிவப்பை அதிகமாகத் திருப்பி அனுப்புவதே காரணம். ஆளுக்கு ஆள் மாறுவது பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவும் அடர்த்தியும்தான். திசை அதிகம் மாறாது. அந்தக் கோட்டை மையத்தின் வழியாக எதிர்ப்பக்கம் நீட்டினால் ஐந்து மணித் திசை வரும். அங்கே உட்கார்ந்திருப்பது டீல். எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஆக, பின்னணியை டீல் பக்கம் தள்ளிவிட்டால் முகத்தைத் தொடாமலே அது முன்னால் வந்து நிற்கும்.

இயற்கையிலும் இந்த ஜோடி உண்டு. அந்தி நேரம், ஒரு டீக்கடை, குண்டு பல்பு எரிகிறது, பின்னால் வானம் நீலமாக மங்குகிறது. பல்பின் வெளிச்சம் சுமார் 2,700 கெல்வின், அதாவது ஆரஞ்சு. வானத்தின் வெளிச்சம் பத்தாயிரத்தையும் தாண்டும், அதாவது நீலம். கலரிஸ்ட் செய்ய வேண்டியதில் பாதியைச் சூரியன் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. இந்தக் காட்சியையே எடுத்துக்கொண்டு வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

கேமராவிலிருந்து வரும் படம் ‘லாக்’ முறையில் பதிவாகியிருக்கும். வெளிச்சம், இருட்டு இரண்டின் விவரமும் கெடாமலிருக்க அடக்கிப் பதிந்தது என்பதால், சாம்பல் பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். முதலில் அதைச் சாதாரணத் திரைக்குரிய நிறவெளிக்கு மாற்றுவார்கள். அடுத்து வெளிச்சச் சமன். வேவ்ஃபார்ம் அளவியில் பூஜ்யம் முழுக் கறுப்பு, நூறு முழு வெள்ளை. கடையின் மூலை இருட்டைப் பூஜ்யத்துக்குச் சற்று மேலே நிறுத்துவார்கள். பல்பு உச்சிக்குப் போகலாம். டீ ஆற்றுபவரின் முகம் அந்திக்குத் தகுந்தபடி பாதிக்குக் கீழே நிற்கும்.

இதற்குப் பிறகுதான் டீல். நிழல் பகுதிக்கான சக்கரத்தை மெல்ல ஐந்து மணித் திசைக்குத் தள்ள வேண்டும். அப்போதும் அடிமட்டக் கறுப்பை நிறமில்லாமல் விட்டுவைப்பது நல்ல கலரிஸ்டின் பழக்கம். கறுப்பிலும் நீலம் ஏறிவிட்டால் படம் முழுவதும் ஊதுபத்திப் புகை சூழ்ந்ததுபோல் ஆகிவிடும். கடைசியாக முகம்: தோலின் நிற வரம்பை மட்டும் தேர்ந்தெடுத்து, முகத்தைச் சுற்றி ஒரு வளையம் வரைந்து, ஆள் நகர நகர அது கூடவே நகரும்படி செய்து, தோலைக் கோட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவார்கள்.

வம்பு இந்தக் கடைசிப் படியில் காத்திருக்கிறது. மரப்பெஞ்சு, செங்கல் சுவர், கண்ணாடி கிளாஸில் உள்ள டீ எல்லாமே தோலின் நிற வரம்புக்குள்தான் வரும். வளையம் சரியாக இல்லையென்றால் டீயும் சுவரும் சேர்ந்து பளபளக்கும். அதைவிடப் பெரிய சாட்சி வெள்ளை வேட்டி. நிழலில் இருக்கும் வேட்டி லேசாக நீலம் பூண்டால் கண் அதை அந்தி என்று ஏற்றுக்கொள்ளும். பல்புக்கு நேரே நிற்பவரின் வேட்டியும் நீலமாக இருந்தால் எங்கோ தப்பு என்று சினிமா தெரியாதவருக்கும் உறுத்தும். பின்னாலுள்ள வேப்பமரத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். இலைகள் பச்சையை இழந்து பிளாஸ்டிக்போல் நின்றால் கை அளவு மீறிப் போயிருக்கிறது. வெக்டர்ஸ்கோப்பில் அப்போது புள்ளிகள் பரவலாக இல்லாமல், பதினோரு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே ஒல்லியான ஒரே கோடாக நீண்டிருக்கும்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் ‘லட்’ கோப்புகள் விற்பனைக்கு வந்தன. லட் என்பது வெறும் அட்டவணை. இந்த அளவு சிவப்பு, பச்சை, நீலம் உள்ளே வந்தால் இந்த அளவாக வெளியே அனுப்பு என்று எழுதி வைத்தது. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 33 × 33 × 33, அதாவது 35,937 புள்ளிகள். அந்த அட்டவணைக்கு எது முகம், எது சுவர் என்று தெரியாது. டீல்-ஆரஞ்சு லட்டுகளில் பல, வெளிச்சமான இடத்தை ஆரஞ்சுக்கும் இருட்டான இடத்தை டீலுக்கும் தள்ளுகின்றன. வெளுத்த தோல் வெளிச்சப் பகுதியில் நிற்பதால் அங்கே இது நன்றாகவே வேலை செய்யும். நம் ஊர் மாநிறமோ கறுப்போ வேவ்ஃபார்மில் கீழே இறங்கி நிற்கும். அதே லட் அந்த முகத்தையும் நிழல் என்று எடுத்துக்கொண்டு டீலை அதன்மேல் ஊற்றுகிறது. கன்ன ஓரமும் கழுத்தும் சாம்பல் பூத்ததுபோல் ஆகின்றன. கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளை காய்ச்சலில் படுத்து எழுந்தவர்போல் தெரிவதற்குப் பல நேரம் இதுவே காரணம். பழியை அவருடைய நிறத்தின்மேல் போட்டு முகத்தை வெளுக்க வைப்பது அடுத்த தவறு. டீல் ஏறும் எல்லையை முகத்தின் நிழல்பக்கத்துக்கும் கீழே இறக்குவதே சரியான தீர்வு. முகத்தில் விழும் விளக்கைப் படப்பிடிப்பிலேயே கொஞ்சம் கூட்டி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

நிறத்தை ஏற்றுவது ஒரு வழி என்றால், இறக்குவது இன்னொன்று. ‘செவன்’ (1995) படத்தின் சில பிரிண்டுகளில் தெரியும் கனத்த கறுப்பும் வற்றிய நிறமும் ரசாயனத்தால் வந்தவை. வழக்கமாக பிலிமைக் கழுவும்போது அதிலுள்ள வெள்ளியை நீக்கிவிட்டுச் சாயத்தை மட்டும் வைத்திருப்பார்கள். வெள்ளியையும் கூடவே தங்கவிட்டால், நிறப்படத்தின்மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒட்டியதுபோல் ஆகிவிடும். கறுப்பு ஆழமாகும், நிறம் அடங்கும். ஆக, பிலிமின் அடக்கத்தில் நிறம் குறைவதோடு கனமும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் நிற அளவை மட்டும் இழுத்துக் குறைத்தால் அந்தக் கனம் வராது, சலவையில் சாயம் போன துணிதான் மிஞ்சும். நிறத்தைக் குறைக்கும்போதே நிறமுள்ள இடங்களை இருட்டாக்கவும் வேண்டும். பிலிமில் சிவப்புச் சேலை அடர்ந்தால் கூடவே கருக்கவும் செய்யும். டிஜிட்டலில் அதே சேலையின் நிறத்தை ஏற்றினால் பெரும்பாலும் நியான் விளக்குபோல் எரிகிறது.

‘மூடி’ என்று இளைஞர்கள் சொல்லும் இருண்ட காட்சிகளுக்கோ கலரிஸ்டைவிட விளக்குப் போடுபவர்தான் முக்கியம். முகத்தின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வெளிச்சம் எட்டுக்கு ஒன்று என்று இருந்தால், அதை இறக்கினாலும் முகம் வடிவத்தோடு இருக்கும். டியூப் லைட்டில் எல்லாப் பக்கமும் சமமாக எடுத்ததை இறக்கினால் கரண்டு குறைவாக வந்த வீடுதான் கிடைக்கும்.

சரியாகச் செய்தாலும் வீட்டில் அப்படியே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. 2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ‘த லாங் நைட்’ பகுதி வந்தபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுவதும் புகார் எழுந்தது. கலரிஸ்ட் இருட்டறையில், அளவு சரிபார்த்த திரையில் வேலை செய்கிறார். பார்ப்பவரோ ஜன்னல் திறந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்ட்ரீமிங்குக்காகப் படத்தைச் சுருக்கும்போது முதலில் கழித்துக்கட்டப்படுவதும் இருட்டின் நுண்ணிய படிகள்தான். அதனால் மென்மையாக இறங்க வேண்டிய நிழல் பட்டை பட்டையாக உடைகிறது.

இதற்கு மேல் டிவியின் ‘விவிட்’ முறை வேறு. கடையில் கண்ணைப் பறிக்க வைத்த அந்த அமைப்பு வெள்ளையை நீலமாக்கி, எல்லா நிறத்தையும் ஏற்றி, ‘செவன்’ படத்தின் வற்றிய பச்சையையும் பளபளக்க வைக்கும். 2019இல் அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இந்த ஒப்பனைகளை அணைத்துவிடுகிறது. உங்கள் டிவியில் அது இல்லையென்றால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்றிருப்பதைத் தட்டுங்கள். முதல் பத்து நிமிடம் படம் மஞ்சளடித்ததுபோல் தோன்றும். நீல வெள்ளைக்குப் பழகிய கண் அதற்குள் தானாகச் சமன்பட்டுவிடும்.