லேப்டாப்பைக் கொடுத்தாச்சு, கையெழுத்து வாங்கியாச்சா?

ராஜினாமா கடிதத்துக்கு நாலு நாள் யோசிப்பவர்கள்கூட, கடைசி நாள் சாயங்காலம் லேப்டாப்பை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு "வர்றேன் சார்" என்று கிளம்பிவிடுகிறார்கள். பிறகுதான் வினை. லேப்டாப் வந்ததாகப் பதிவில்லை, அதனால் கணக்கு முடிக்கவில்லை என்று மனிதவளத் துறையிலிருந்து மெயில் வரும். வாங்கி வைத்த மேலாளரும் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கலாம்.

இதைத் தடுப்பது ஒப்படைப்புக் கடிதம். ஒரு பக்கம் போதும்; நன்றியுரையெல்லாம் வேண்டாம். ஆனால் "லேப்டாப் ஒன்று" என்று மட்டும் எழுதினால் எந்த லேப்டாப் என்ற கேள்வி நிற்கும். கணக்காளர் ஒருவர் விலகுகிறார் என்றால் இப்படி எழுதலாம்:

"லேப்டாப் ஒன்று, அடிப்பக்கத்தில் உள்ள சீரியல் எண் இது, அலுவலக ஸ்டிக்கர் எண் இது. சார்ஜர், பையுடன். வேலை செய்யும் நிலையில் உள்ளது. மூடியின் இடது ஓரத்தில் பழைய கீறல். நுழைவு அட்டை ஒன்று, எண் இது. இரண்டாம் மாடி ஆவண அறைச் சாவி இரண்டு, என் மேஜை இழுப்பறைச் சாவி ஒன்று. ஜிஎஸ்டி கோப்புகள் மூன்று; கடைசிக் கோப்பில் இரண்டு பில்கள் சரிபார்க்க வேண்டியுள்ளன."

கீறலை நாமே எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் பின்னால் தெரியும் கீறலெல்லாம் நம் கணக்கில் ஏறும். பாஸ்வேர்டை மட்டும் கடிதத்தில் எழுதக் கூடாது. அந்தத் தாள் எத்தனை பேர் கைக்குப் போகுமோ! லேப்டாப்பில் சொந்த ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கைப் போட்டிருந்தால், கொடுக்கும் முன் வெளியேறிவிட வேண்டும். ஆப்பிள் லேப்டாப்பில் அந்தக் கணக்கு பூட்டாக நின்று, அடுத்தவர் அதைத் திறக்க முடியாமல் போவதுண்டு. அலுவலக ஃபைல்களை நாமாக அழிப்பதும் தவறு.

கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒவ்வொரு பொருளையும் காட்டி, சரிபார்க்கவைத்து, இரண்டிலும் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, பெயர், பதவி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு. "அப்புறம் போட்டுத் தர்றேன்பா" என்று மேலாளர் சொன்னால், சிரித்துக்கொண்டே அங்கேயே நிற்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் கூரியரில் அனுப்பும்போது, பெட்டியை மூடும் முன் சீரியல் எண் தெரியப் படம் எடுத்து, கூரியர் ரசீது எண்ணையும் கடிதத்தில் சேர்க்க வேண்டும்.

இது வெறும் மரியாதைச் சடங்கு இல்லை. கம்பெனியின் சொத்தைத் தவறாக வைத்துக்கொள்ளும் ஊழியருக்கு 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 452-வது பிரிவில் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. திருப்பித் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டும் தராதவருக்குச் சிறையும் உண்டு. அந்தப் பேச்சு எழுந்தால் எடுத்துக் காட்டக் கையில் இருப்பது அந்தக் கையெழுத்திட்ட பிரதிதான்.