ஒரே பெயரில் மூன்று ஆப்: பள்ளியுடையது எது?

மகளின் பள்ளிப் பெயரைப் பிளே ஸ்டோரில் தேடிய ஒரு தாய்க்கு, ஏறக்குறைய ஒரே பெயரில் மூன்று ஆப்கள் வந்தன. மூன்றிலும் புத்தகமும் விளக்கும் போட்ட சின்னம். "இதில் எங்கள் பள்ளியுடையது எது? தவறானதில் ஃபீஸ் கட்டிவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டார். நியாயமான பயம்தான். மூன்றையும் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன்.

பள்ளிகள் பெரும்பாலும் ஆப்பைத் தாங்களே உருவாக்குவதில்லை. வருகைப்பதிவு, வீட்டுப்பாடம், கட்டணம் எல்லாவற்றையும் கவனிக்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றிடம் ஒப்பந்தம் போடுகின்றன. அந்த நிறுவனம் ஒரே ஆப்பை நூறு பள்ளிகளுக்குப் பெயரும் சின்னமும் மாற்றிக் கொடுக்கும். அதனால் ஆப்பின் பெயருக்குக் கீழே பள்ளியின் பெயர் இல்லாமல் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருந்தால், அதை வைத்தே போலி என்று முடிவு கட்டக்கூடாது. அந்தக் கம்பெனிப் பெயரைத் தொட்டால் அவர்கள் வெளியிட்ட மற்ற ஆப்கள் தெரியும். வேறு பல பள்ளிகளின் ஆப்கள் வரிசையாக இருந்தால் நல்ல அறிகுறி. விளையாட்டு, வால்பேப்பர், கடன் ஆப் என்று கலந்து கிடந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அவர் பார்த்த முதல் ஆப்பின் மேல் Sponsored என்று இருந்தது. காசு கொடுத்து மேலே வந்த விளம்பரம் அது. அதே பெயர் கொண்ட வேறு மாவட்டப் பள்ளியுடையது. நம் ஊரில் புனிதர்கள் பெயரிலும் விவேகானந்தர் பெயரிலும் எத்தனை பள்ளிகள்! ஆப் விவரத்தில் உள்ள முகவரியையும் இணையதளத்தையும் பார்த்தாலே இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவதில் பள்ளியின் உண்மையான சின்னமே இருந்தது, நட்சத்திர மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. அவர் மனம் அதில்தான் நின்றது. ஆனால் About this app பகுதியைத் திறந்தால், கடைசியாகப் புதுப்பித்த ஆண்டு 2021. பள்ளி அதற்குப் பிறகு கம்பெனியை மாற்றிவிட்டது. பழைய ஆப் கடையிலேயே தங்கிவிட்டது. இது மோசடி இல்லை. ஆனால் அதில் கடவுச்சொல்லைக் கொடுத்தால், பள்ளியோடு இப்போது தொடர்பில்லாத கம்பெனிக்குத்தான் அது போகும்.

மூன்றாவதுதான் சரியானது. அதன் பதிவிறக்க எண்ணிக்கையோ வெறும் 500+, விமர்சனம் ஒன்றிரண்டு. அதனால்தான் அவர் அதைச் சந்தேகப்பட்டார். எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் ஆப்பை லட்சம் பேர் இறக்கியிருக்க முடியாதே. ஒற்றைப் பள்ளியின் பெயரில் இருக்கும் ஆப்புக்குச் சிறிய எண்தான் இயல்பு.

இவையெல்லாம் அறிகுறிகள். உறுதி வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். பெயரையும் சின்னத்தையும் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம்; ஆப்பின் முகவரியில் id= என்பதற்குப் பின்னால் வருவதை எடுக்க முடியாது. பிளே ஸ்டோரில் ஒரு id ஓர் ஆப்புக்கு மட்டுமே. ஆப் பக்கத்தில் மேலே வலப்புறமுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Share கொடுத்தால் அந்த முகவரி இப்படிக் கிடைக்கும் (நான் கற்பனையாக அமைத்த மாதிரி இது):

```
play.google.com/store/apps/details?id=com.kambeni.palli
```

இதைப் பள்ளி தரும் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பள்ளியின் இணையதளத்திலோ, கையேட்டிலோ, அலுவலகத்தில் நேரில் கேட்டோ வாங்கியதாக அது இருக்க வேண்டும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய இணைப்பைச் சான்றாக எடுக்காதீர்கள். அங்கே .apk என்று முடியும் கோப்பு வந்தால் திறக்கவே வேண்டாம். அது பிளே ஸ்டோர் வழியாக வராதது.

ஏற்கெனவே போனில் இருக்கும் ஆப்பைச் சோதிக்கவும் வழி உண்டு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் Settings, Apps போய் அந்த ஆப்பைத் திறந்து கீழே இறங்கினால், அது எங்கிருந்து வந்தது என்று App details காட்டும். அங்கேயே Permissions பகுதியையும் பாருங்கள். வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பக் கேமரா அனுமதி தேவைப்படலாம். உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கப் பள்ளி ஆப்புக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த அனுமதி போனால் வங்கியின் ஓடிபியும் கூடவே போகும்.

முதல் கட்டணத்தை ஆப்பில் செலுத்தும்போது, யூபிஐ பின் போடுவதற்கு முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். பள்ளி, அதன் அறக்கட்டளை, அல்லது பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். தனிமனிதர் பெயர் வந்தால் பின்வாங்கி, அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். பணம் போய்விட்டது என்றால் அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே 1930க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம்.