கழித்த கணக்கில் மறைந்த கொழுப்பு

நம் நண்பர் ஒருவர் இரத்தப் பரீட்சைச் சீட்டுடன் வந்தார். மொத்தக் கொலஸ்ட்ரால் 200, அதில் தமனியில் படியாத எச்.டி.எல். 35, டிரைகிளிசரைடு 250, எல்.டி.எல். 115. "கெட்ட கொழுப்பு மோசமில்லையே!" என்று சந்தோஷப்பட்டார்.

அந்த 115 அளந்து கண்டதன்று; 1972-ல் பிரீடுவால்டு என்பாரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கணக்கால் கழித்துக் கண்டது. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 50. அதையும் 35-ஐயும் 200-லிருந்து நீக்கினால் மிஞ்சுவது 115. (டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இக்கணக்கு செல்லாது.)

நீக்கிய அந்த 50 நிரபராதியன்று. அது டிரைகிளிசரைடைச் சுமந்து செல்லும் வி.எல்.டி.எல். துணுக்குகளிலுள்ள கொலஸ்ட்ரால். சுமையை இறக்கிச் சுருங்கிய அத்துணுக்குகளும், எல்.டி.எல்.லைப் போலவே, தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வரும் அணுக்கள் கொலஸ்ட்ராலால் உப்பி, நுரைபோலாகி, அங்கேயே மடிகின்றன. சுவரினுள் படிவு வளர்வது இவ்வாறே.

ஆகவே 200-லிருந்து 35-ஐ மட்டும் கழிக்கச் சொன்னோம். 165 வந்தது. பொதுவாக அது 130-க்குள் இருப்பது நலம்.

"டாக்டரிடம் எந்த எண்ணைப் பற்றிக் கேட்பது?" என்றார் நண்பர்.

"சீட்டில் அச்சிடாத இந்த 165-ஐப் பற்றித்தான்" என்றோம்.